காலை 11 மணியும் மாலை 5 மணியும்: டோக்கியோ ஒலிம்பிக்கின் ஆட்ட நேர மாற்றங்கள் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

2021 ஜூலை 28, புதன்கிழமை. டோக்கியோவின் அரியாகே டென்னிஸ் அரங்கில் மகளிர் ஒற்றையர் காலிறுதியில் மார்கெட்டா வோன்ட்ரௌசோவாவிடம் முதல் செட்டை இழந்த ஸ்பெயின் வீராங்கனை பவுலா படோசா, வெப்பத்தின் தாக்கத்தால் ஆட்டத்தைத் தொடர முடியாமல் சக்கர நாற்காலியில் வெளியே கொண்டு செல்லப்பட்டார். அதே நாளில் ஃபேபியோ ஃபோக்னினியுடன் ஆடிக்கொண்டிருந்த டேனில் மெத்வெதேவ், தொடர முடியுமா என்று நடுவர் கேட்டபோது, ஆட்டத்தை முடித்துவிடலாம், ஆனால் நான் செத்துப்போனால் யார் பொறுப்பு என்ற பொருள்படத் திருப்பிக் கேட்டார். அன்றைய வெப்பநிலை ஏறத்தாழ 31 டிகிரி செல்சியஸ் என்றும், வெப்பக் குறியீடு 37 டிகிரியை எட்டியதாகவும் செய்திகள் பதிவு செய்தன. மறுநாள் முதல் எல்லா ஆட்டங்களும் காலை 11 மணிக்குப் பதிலாகப் பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கும் என்று அன்றே அறிவிக்கப்பட்டது.

இந்த முடிவை வெப்பக் குறியீட்டை மட்டும் வைத்துப் பார்ப்பவருக்கு ஓர் ஐயம் எழ வேண்டும். ஒரு கோடை நாளில் பிற்பகல் 3 மணி பெரும்பாலும் காலை 11 மணியைவிடச் சூடானது. குறியீடும் அப்போதுதான் உச்சத்திலோ உச்சத்தை ஒட்டியோ இருக்கும். அப்படியானால் வீரர்களைக் காப்பதற்காக ஆட்டத்தை மேலும் சூடான மணிக்குத் தள்ளியது எப்படிச் சரியாகும்? இந்த ஆய்வு அந்தக் கேள்வியைத் தொடர்ந்து செல்கிறது. விடை, குறியீடு எதை அளக்கிறது, எதை அளக்காமல் விடுகிறது என்பதிலும், தொடக்க நேரம் என்பது ஒரு புள்ளியா அல்லது ஒரு நீண்ட பொழுதின் முதல் முனையா என்பதிலும் இருக்கிறது.

குறியீட்டுக்குள் இருப்பதும் இல்லாததும்

வெப்பக் குறியீடு என்பது காற்றின் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் சேர்த்து, உடலுக்கு எவ்வளவு சூடாகத் தோன்றும் என்று சொல்லும் ஒற்றை எண். வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். காற்றில் ஏற்கெனவே நீராவி மிகுந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் தோலில் வழிந்து வீணாகும். இதைக் கணக்கில் கொண்டு ராபர்ட் ஸ்டெட்மேன் 1979-இல் வெளியிட்ட அட்டவணைகளே குறியீட்டின் அடித்தளம். அமெரிக்க தேசிய வானிலைச் சேவையைச் சேர்ந்த லான்ஸ் ரோத்ஃபஸ் 1990-இல் அவற்றை ஒரு சமன்பாடாகச் சுருக்கினார். விரிதாளில் இட்டுப் பயன்படுத்த விரும்புவோருக்கு அந்தச் சமன்பாடு இதுதான். T என்பது ஃபாரன்ஹீட்டில் வெப்பநிலை, R என்பது விழுக்காட்டில் ஈரப்பதம், விடையும் ஃபாரன்ஹீட்டிலேயே வரும்.

```
HI = -42.379 + 2.04901523*T + 10.14333127*R
     - 0.22475541*T*R - 0.00683783*T*T
     - 0.05481717*R*R + 0.00122874*T*T*R
     + 0.00085282*T*R*R - 0.00000199*T*T*R*R
```

இந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு கற்பனை மனிதர் இருக்கிறார் என்பதைப் போட்டி நடத்துவோர் பலர் அறிவதில்லை. அவர் நிழலில் இருக்கிறார். இளங்காற்று அவர்மேல் வீசுகிறது. அவர் சாதாரண வேகத்தில் நடந்துகொண்டிருக்கிறார். வெயிலில் ஓடும் கால்பந்து வீரருக்கும் அவருக்கும் இரண்டு பெரிய வேறுபாடுகள் உண்டு. முதலாவது, ஓடுபவரின் தசைகள் நடப்பவருடையதைப் போலப் பல மடங்கு வெப்பத்தை உள்ளிருந்தே உண்டாக்குகின்றன. இரண்டாவது, வெயில். நேரடி வெயிலில் நிற்பவருக்குக் குறியீடு காட்டுவதைவிட 15 ஃபாரன்ஹீட், அதாவது ஏறத்தாழ 8 செல்சியஸ் வரை கூடுதலாகத் தோன்றலாம் என்று அமெரிக்க வானிலைச் சேவையே எச்சரிக்கிறது. ஆட்ட நேரத்தைத் தேர்வதில் இந்த எட்டு டிகிரிதான் முக்கியமானது, ஏனெனில் நாளின் ஒரு மணியிலிருந்து மற்றொரு மணிக்குப் பெரிதும் மாறுவது அதுவே.

ஒரு நாளை மணிவாரியாகப் போட்டுப் பார்த்தல்

ஜூலை இறுதி டோக்கியோ நாள் ஒன்றைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். இது உண்மையில் பதிவான நாள் அல்ல. அந்தப் பருவத்துக்குப் பொருந்தும் ஒரு மாதிரி நாள். காற்றிலுள்ள நீராவியின் அளவு நாள் முழுவதும் மாறாமல், பனிநிலை 24 டிகிரியில் நிற்பதாகக் கொள்வோம். பனிநிலை என்பது காற்று எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் அதிலுள்ள ஈரம் பனித்துளியாகத் தொடங்குமோ அந்த வெப்பநிலை. நீராவி மாறாமல் வெப்பநிலை மட்டும் ஏறினால் ஈரப்பதத்தின் விழுக்காடு இறங்கும். காலை 84 விழுக்காடு ஈரப்பதம் என்பதும் நண்பகல் 63 விழுக்காடு என்பதும் ஒரே அளவு நீராவியைத்தான் குறிக்கின்றன. மேலே சொன்ன சமன்பாட்டில் இட்டால் கிடைப்பவை இவை. கடைசி நிரல் சூரியன் தொடுவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைக் காட்டுகிறது.

| நேரம் | வெப்பநிலை | ஈரப்பதம் | வெப்பக் குறியீடு | சூரிய உயரம் |
|---|---|---|---|---|
| காலை 7 | 27 | 84% | 30 | 25° |
| காலை 9 | 29 | 74% | 34 | 50° |
| காலை 11 | 31 | 66% | 36 | 70° |
| பிற்பகல் 1 | 32 | 63% | 38 | 67° |
| பிற்பகல் 3 | 32 | 63% | 38 | 45° |
| மாலை 5 | 31 | 66% | 36 | 20° |
| இரவு 7 | 29 | 74% | 34 | மறைந்தது |
| இரவு 9 | 28 | 79% | 32 | இல்லை |

காலை 11 மணியையும் மாலை 5 மணியையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வெப்பநிலை ஒன்று, ஈரப்பதம் ஒன்று, ஆகவே குறியீடும் ஒன்று. ஆனால் 11 மணிக்குச் சூரியன் ஏறத்தாழ உச்சந்தலைக்கு மேல்; 5 மணிக்கு அது மேற்கே சாய்ந்து, அரங்கின் நிழல் ஆடுகளத்தின் மீது நீளத் தொடங்கியிருக்கும். டோக்கியோவில் அந்நாட்களில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, 11.47 அளவில், ஜப்பானின் பொது நேரம் டோக்கியோவுக்கு மேற்கே செல்லும் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுவதே காரணம். ஆக, 11 மணிக்குத் தொடங்கும் இரண்டு மணி நேர ஆட்டம் சூரிய உச்சியைத் தனக்கு ஏறத்தாழ நடுவில் வைத்துக்கொள்கிறது. வெயிலை வேண்டுமென்றே மிகுதியாகப் பெற ஒருவர் நேரம் குறித்தாலும் இதைவிடச் சரியாகக் குறிக்க முடியாது.

குறியீடு காட்டாத இந்த வேறுபாட்டைக் காட்டவே வேறொரு அளவு இருக்கிறது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி, கறுப்புக் கோளத்துக்குள் வைத்த வெப்பமானி, நிழலில் வைத்த சாதாரண வெப்பமானி ஆகிய மூன்றின் அளவீடுகளையும் சேர்த்துப் பெறும் அந்த எண்ணை WBGT என்று எழுதுவார்கள்.

```
WBGT = 0.7 * ஈரத்துணி + 0.2 * கறுப்புக் கோளம் + 0.1 * காற்று
```

கறுப்புக் கோளம் வெயிலை உறிஞ்சும்; ஈரத்துணி காற்றையும் ஈரத்தையும் வெயிலையும் உணரும். நம் மாதிரி நாளின் 11 மணிக்குத் தெளிந்த வானத்தில் ஈரத்துணி 27, கோளம் 45, காற்று 31 என்று கொண்டால் விடை 31.0. அதே நாளின் மாலை 5 மணிக்கு ஈரத்துணி 26.3, கோளம் 37, காற்று 31 என்று கொண்டால் விடை 28.9. வெப்பக் குறியீடு இரண்டு வேளைக்கும் 36 என்று ஒரே எண்ணைச் சொல்ல, இந்த அளவு இரண்டு டிகிரி விலகிச் செல்கிறது. இரண்டு டிகிரி சிறிதாகத் தோன்றும். ஆனால் பன்னாட்டு டென்னிஸ் கூட்டமைப்பின் விதியில் இந்த அளவு 30.1-ஐ எட்டினால் இரண்டாம், மூன்றாம் செட்டுகளுக்கிடையே 10 நிமிட ஓய்வு; 32.2-ஐத் தாண்டினால் ஆட்ட நிறுத்தம். நம் கணக்கில் 11 மணி அந்த ஓய்வு எல்லையைத் தாண்டி நிற்கிறது, 5 மணி அதற்குள் அடங்குகிறது.

இங்கே ஒரு குழப்பத்தைச் சொல்லியாக வேண்டும். ஜப்பானில் சுற்றுச்சூழல் அமைச்சகம் நாள்தோறும் வெளியிடும் ‘அட்சுசா ஷிசூ’ என்ற சொல்லை நேராகப் பெயர்த்தால் ‘வெப்பக் குறியீடு’ என்றே வரும். ஆனால் அது மேலே சொன்ன மூன்று வெப்பமானி அளவு, அமெரிக்கக் குறியீடு அன்று. ஜப்பானிய அளவில் 31 என்றால் உடற்பயிற்சியைப் பொதுவாக நிறுத்திவிட வேண்டும் என்று பொருள். அமெரிக்கக் குறியீட்டில் 31 என்பது ‘எச்சரிக்கை’ என்னும் முதற்படிக்குள்ளேயே இருக்கிறது. ‘ஆபத்து’ என்ற படி அதில் 39-க்கு மேல்தான் தொடங்கும். இரண்டையும் செல்சியஸில் எழுதும்போது, ஒன்றின் எல்லையை மற்றொன்றின் எண்ணோடு ஒப்பிடும் பிழை எளிதில் நேரும். ஒரு பக்கம் பிழை நேர்ந்தால் நடத்தத்தக்க ஆட்டம் நிற்கும். மறுபக்கம் பிழை நேர்ந்தால் நிறுத்த வேண்டிய ஆட்டம் நடக்கும். இரண்டாவது பிழைதான் ஆளை வீழ்த்தும். எந்த எண்ணை அறிவித்தாலும் அது எந்த அளவு என்பதை அதனுடனேயே எழுதுவது இதற்காகத்தான்.

3 மணித் தொடக்கம் ஏன் உதவியது

இப்போது முதல் கேள்விக்குத் திரும்பலாம். 3 மணிக்குக் குறியீடு 38. 11 மணிக்கு 36. தொடக்கக் கணத்தை மட்டும் ஒப்பிட்டால் மாற்றம் தவறுபோலத் தெரியும். ஆனால் டென்னிஸில் ஒரு களத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல ஆட்டங்கள் நடக்கின்றன. 11 மணிக்குத் தொடங்கிய நாள் மாலை 6 மணி வரை ஓடினால், அந்த ஏழு மணி நேரத்தின் பெரும்பகுதி குறியீடு 36-க்குக் கீழே இறங்காத, வெயில் நிறைந்த பொழுதாகவே இருக்கும். 3 மணிக்குத் தொடங்கும் நாளில் அதே ஏழு மணி நேரம் இரவு 10 வரை நீள்கிறது. முதல் ஆட்டத்தின் முதல் மணி நேரம் மட்டுமே கடுமையானது. அதன்பின் குறியீடும் வெயிலும் இறங்கிக்கொண்டே வருகின்றன. 7 மணிக்குமேல் ஆடுபவர்களுக்கு வெயிலே இல்லை. முதல் ஆட்டக்காரர்கள் பெற்ற பலன் சிறிது, பின்வந்தவர்கள் பெற்ற பலன் பெரிது என்று சொல்வதே சரியாக இருக்கும். படோசாவின் நிலையைத் தொடக்க நேர மாற்றம் மட்டும் தடுத்திருக்குமா என்று கேட்டால், அவர் அன்றைய எந்த ஆட்டத்தில் வைக்கப்பட்டிருப்பார் என்பதைப் பொறுத்தே விடை அமையும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. உடலில் வெப்பம் சேர்வது ஆட்டம் நீள நீளத்தான். காலையில் தொடங்கும் ஆட்டத்தில் வீரர் களைத்து, நீரிழந்து, உடல் சூடேறியிருக்கும் கடைசி அரை மணி நேரத்தில் சூழலும் தன் உச்சத்தை நோக்கி ஏறிக்கொண்டிருக்கும். பிற்பகலில் தொடங்கும் ஆட்டத்தில் உடல் சூடேறும்போது சூழல் இறங்குகிறது. அட்டவணையில் ஒரே எண்ணைக் காட்டும் இரு மணிகளுள் இறங்குமுகத்தில் இருப்பதையே தேர வேண்டும் என்பதற்கு வெயிலுக்கு அடுத்த காரணம் இதுவே.

அப்படியானால் காலை 7 மணி? அட்டவணையில் பகல் வேளைகளுள் மிகக் குறைந்த எண் அதனுடையதுதான். 90 நிமிடக் கால்பந்து ஆட்டம் ஒன்றே ஒன்று என்றால், 7 மணித் தொடக்கம் 9 மணிக்குள் முடிந்துவிடும். குறியீடு 34-க்கு ஏறியிருக்கும், சூரியன் 50 டிகிரி உயரத்துக்கு வந்திருக்கும், ஆனாலும் 11 மணியைவிட நல்லது. அதற்குமேல் அடுத்த ஆட்டத்தை வைக்க முடியாது என்பதுதான் அதன் குறை. நம்மூரில் காலை 6.30-க்கு ‘முதல் மேட்ச்’ என்று அறிவித்துவிட்டு, பரிசளிப்பும் வரவேற்பும் இடையே புகுந்து, நான்காவது ஆட்டம் நண்பகலில் தொடங்குவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே காப்பாற்றப்படுவது முதல் ஆட்டக்காரர்கள் மட்டுமே.

டென்னிஸ் நேரத்தை முதல் நாளிலிருந்தே மாற்றியிருக்கலாமே என்பதும் நியாயமான கேள்வி. மெத்வெதேவும் ஜோகோவிச்சும் தொடக்கச் சுற்றுகளிலேயே அதைக் கேட்டிருந்தார்கள். ஆனால் பல பிரிவுகளின் ஆட்டங்களும் குவிந்திருந்த முதல் சில நாட்களில் நான்கு மணி நேரத்தை இழந்தால் அட்டவணை நள்ளிரவைத் தாண்டிச் சென்றிருக்கும். தோற்றவர்கள் வெளியேறி ஆட்டங்களின் எண்ணிக்கை சுருங்கிய பின்னரே 3 மணித் தொடக்கம் இயலக்கூடியதாயிற்று. இது சாக்குப்போக்கு அன்று, ஆனால் முழு விடையும் அன்று. முதல் நாட்களில் அதிக ஆட்டம் என்பது போட்டி அட்டவணை வரையும் அன்றே தெரிந்த ஒன்று. விளக்கொளி உள்ள களங்களையும் கூடுதல் நாட்களையும் அப்போதே ஒதுக்கியிருந்தால் கட்டாயம் இவ்வளவு இறுக்கமாக இருந்திருக்காது. 1964-இல் இதே நகரம் ஒலிம்பிக்கை அக்டோபரில் நடத்தியது என்பதும், 2020-க்கான விண்ணப்பத்தில் ஜூலை, ஆகஸ்டு காலம் மிதமான வானிலையுடையது என்று எழுதப்பட்டிருந்தது என்பதும் இங்கே நினைவுக்கு வருகின்றன.

மகளிர் கால்பந்து இறுதி: கடைசி நிமிடம் வரை கணக்கிடுதல்

ஒரே ஆட்டம், ஒரே களம் என்பதால் தெளிவாகக் காட்டத்தக்க எடுத்துக்காட்டு மகளிர் கால்பந்து இறுதி ஆட்டம். கனடாவும் ஸ்வீடனும் மோதிய அந்த ஆட்டம் 2021 ஆகஸ்டு 6 அன்று காலை 11 மணிக்கு டோக்கியோ தேசிய அரங்கில் நடப்பதாக இருந்தது. டோக்கியோவில் காலை 11 என்றால் அமெரிக்கக் கண்டத்தின் கிழக்குக் கரையில் முந்தைய இரவு 10 மணி. தொலைக்காட்சி நேயர்களுக்கு உகந்த வேளை என்பதே அந்த நேரத்துக்கான காரணமாகப் பரவலாகச் சொல்லப்பட்டது. இரு அணிகளும் வெப்பத்தைக் காரணம் காட்டி மாற்றக் கோரின. மாலையில் தேசிய அரங்கு தடகளத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்ததால், ஆட்டம் அதே நாள் இரவு 9 மணிக்கு யோகோஹாமா அரங்குக்கு மாற்றப்பட்டது. அறிவிப்பு வந்தது ஆட்டத்துக்கு முந்தைய நாள்.

ஆட்டம் 1-1 என்று சமநிலையில் நின்றது. கூடுதல் நேரமும் கோலின்றிப் போய், பெனால்டி உதைகளில் கனடா வென்றபோது நள்ளிரவு நெருங்கிவிட்டது. இதே ஆட்டம் திட்டமிட்டபடி 11 மணிக்குத் தொடங்கியிருந்தால் கூடுதல் நேரத்தின் இரண்டாம் பாதி பிற்பகல் 1.30 மணியை ஒட்டி முடிந்திருக்கும். நம் மாதிரி நாளின்படி அது குறியீடு 38, சூரியன் இன்னும் 60 டிகிரிக்கு மேலே என்ற வேளை. இரவு 9 மணித் தொடக்கத்தில் அதே அட்டவணையின் குறியீடு 32. வெயிலுக்கான கூடுதல் எதுவும் இல்லை. ஈரத்துணி 25, கோளமும் காற்றும் 28 என்று வைத்தால் மூன்று வெப்பமானி அளவு 26-க்குச் சற்றுக் கீழே. வெப்பக் குறியீட்டின் கணக்கில் இரண்டு நேரங்களுக்கும் உள்ள வேறுபாடு ஆறு டிகிரிக்குள். வெயிலையும் சேர்த்தால் அது மிகப் பெரிதாகிவிடுகிறது.

ஆகவே, வெளியேற்றுச் சுற்று ஆட்டத்துக்கு நேரம் குறிப்பவர் 90 நிமிடத்தை வைத்துக் கணக்கிடக் கூடாது. ஆட்டத்துக்கு முன் நடக்கும் 40 நிமிடப் பயிற்சியையும், இடைவேளையையும், 30 நிமிடக் கூடுதல் நேரத்தையும், பெனால்டியையும் சேர்த்தால் வீரர் களத்தில் இருக்கக்கூடிய பொழுது மூன்றரை மணி நேரத்தைத் தொடுகிறது. அந்த நீளமுள்ள ஒரு காகிதத் துண்டை அட்டவணையின் மேல் வைத்து மேலும் கீழும் நகர்த்திப் பார்ப்பதுபோல, அது எங்கே விழுந்தாலும் எல்லையைத் தாண்டாத இடத்தைத் தேட வேண்டும். ஃபிஃபாவின் விதியில் மூன்று வெப்பமானி அளவு 32-ஐ எட்டினால் ஒவ்வொரு பாதியிலும் குளிர்விப்பு இடைவேளை தரலாம். வீரர்களின் உலகச் சங்கமான ஃபிஃப்ப்ரோ 28-லேயே இடைவேளை வேண்டும், 32-ஐத் தாண்டினால் ஆட்டத்தையே தள்ளிவைக்க வேண்டும் என்று முன்பு பரிந்துரைத்தது. ஒரே 32, ஒருவருக்கு மூன்று நிமிடம் தண்ணீர் குடிக்கும் எல்லை, மற்றவருக்கு ஆட்டத்தை நிறுத்தும் எல்லை. நேரம் குறிப்பவர் எந்த எல்லையை ஏற்கிறார் என்பதை முன்கூட்டியே எழுதிவைத்தால்தான் ஆட்ட நாளன்று விவாதம் எண்களைப் பற்றியதாக இருக்கும்.

இரவு எப்போது உதவாது

யோகோஹாமா எடுத்துக்காட்டைப் படித்துவிட்டு இரவுக்கு மாற்றினால் போதும் என்று முடிவு செய்வது தவறாகும். 2019 செப்டம்பர் 27 அன்று தோஹாவில் உலகத் தடகளப் போட்டியின் மகளிர் மாரத்தான் வெப்பத்தைத் தவிர்க்கவே நள்ளிரவு 11.59-க்குத் தொடங்கியது. வெப்பநிலை 32-33 டிகிரி, ஈரப்பதம் 73 விழுக்காட்டை ஒட்டி. சமன்பாட்டில் இட்டால் குறியீடு ஏறத்தாழ 43. நம் டோக்கியோ மாதிரி நாளின் நண்பகலைவிட அதிகம், அதுவும் சூரியனே இல்லாதபோது. தொடங்கிய 68 பேரில் ஓடி முடித்தவர்கள் 40 பேர் மட்டுமே. வளைகுடாக் கடலோரத்தில் அந்தப் பருவத்தில் பனிநிலையே 27 டிகிரியை ஒட்டி நிற்பதால், காற்றால் இரவில் அதற்குக் கீழே எளிதில் குளிர முடியாது. அந்நிகழ்ச்சிக்குப் பின்னரே, 2019 அக்டோபரில், டோக்கியோ ஒலிம்பிக்கின் மாரத்தான் வடக்கே சப்போரோ நகருக்கு மாற்றப்பட்டது. அங்கும் வெப்பம் விடவில்லை. 2021 ஆகஸ்டு 7-இல் மகளிர் மாரத்தான் முந்தைய மாலை அறிவிப்பின்பேரில் ஒரு மணி நேரம் முன்தள்ளி காலை 6 மணிக்குத் தொடங்கப்பட்டது.

இதனால்தான் நேரம் தேர்பவர் முதலில் பார்க்க வேண்டிய எண் வெப்பநிலையோ ஈரப்பத விழுக்காடோ அன்று, பனிநிலை. பனிநிலை 20-ஐ ஒட்டி இருந்தால் மணி மாற்றம் பெரும்பயன் தரும். இரவு நன்றாகக் குளிரும். 24-இல் சூரியனைத் தவிர்ப்பதே முக்கியப் பலன். 27-ஐ நெருங்கினால் எந்த மணியும் நல்ல மணி அன்று. ஆட்ட நீளத்தைக் குறைப்பது, இடைவேளை கூட்டுவது, நாளையே மாற்றுவது ஆகியவைதான் மிஞ்சும்.

தமிழ்நாட்டின் கடலோரத்தில் போட்டி நடத்துவோருக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. மே மாதத்தில் சென்னையில் நண்பகலுக்குப் பின் கடற்காற்று நுழைந்ததும் வெப்பமானி இறங்கும். ‘காத்து வந்துடுச்சு, ஆரம்பிக்கலாம்’ என்ற பேச்சும் எழும். கணக்கைப் பாருங்கள்: 38 டிகிரி, 40 விழுக்காடு ஈரப்பதத்தில் குறியீடு 43. கடற்காற்று வந்து 35 டிகிரி, 60 விழுக்காடாக மாறினால் குறியீடு 45. வெப்பமானி மூன்று டிகிரி இறங்கியும் குறியீடு இரண்டு டிகிரி ஏறிவிட்டது. இதில் நேர்மையாகச் சொல்ல வேண்டிய மறுபக்கமும் இருக்கிறது: குறியீடு எப்போதும் இளங்காற்றையே கருதிக்கொள்வதால், பலமாக வீசும் கடற்காற்று வியர்வையை உலர்த்தும் பலனை அது காட்டாது. திறந்த மைதானத்தில் அந்தப் பலன் உண்மையானது. நான்கு புறமும் உயர்ந்த பார்வையாளர் மேடை சூழ்ந்த அரங்குக்குள் அது பாதியும் வந்து சேராது.

அளவு எங்கிருந்து வருகிறது

டோக்கியோவின் அதிகாரபூர்வ வெப்பநிலை 2014 டிசம்பர் முதல் கிட்டானோமாரு பூங்காவில், மரங்கள் சூழ்ந்த புல்தரையில் அளக்கப்படுகிறது. வானிலை அளவீட்டுக்கு அது சரியான முறைதான். ஆனால் அரியாகேயில் ஆடியவர்கள் நின்றது கடலோரத்தில், வெயிலை உறிஞ்சித் திருப்பித் தரும் கடினத் தரையின் மேல். நிலையத்தின் எண்ணை வைத்து அட்டவணையின் வடிவத்தை, அதாவது எந்த மணியில் ஏறி எந்த மணியில் இறங்குகிறது என்பதை அறியலாம். அன்றைய ஆட்டத்தை நிறுத்துவதா என்பதை அந்த எண்ணால் முடிவு செய்யக் கூடாது.

எனவே வேலை இரண்டு கட்டமாகப் பிரிகிறது. போட்டிக்குச் சில மாதங்களுக்கு முன், அருகிலுள்ள நிலையத்தின் கடந்த சில ஆண்டு மணிவாரிப் பதிவுகளை அதே பதினைந்து நாட்களுக்கு எடுத்து, மேலே செய்ததுபோலக் குறியீட்டையும் சூரிய உயரத்தையும் எதிரெதிரே எழுதி, முதன்மைத் தொடக்க நேரம் ஒன்றையும் மாற்று நேரம் ஒன்றையும் தேர வேண்டும். மாற்று நேரத்துக்கான அரங்கு, விளக்கு, நடுவர், போக்குவரத்து எல்லாம் அப்போதே ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்; யோகோஹாமாவில் ஒரே நாளில் செய்ய நேர்ந்ததை எல்லோராலும் செய்ய முடியாது. சராசரி நாளை மட்டும் பார்ப்பதும் போதாது, ஏனெனில் வீரர் விழுவது சராசரி நாளில் அல்ல. பதினைந்து நாட்களில் மிக மோசமான இரண்டு நாட்களில் அந்த நேரம் எப்படி இருந்திருக்கும் என்று தனியே பார்க்க வேண்டும்.

இரண்டாம் கட்டம் ஆட்ட நாள். கறுப்புக் கோளம் உள்ள கைக்கருவியைக் களத்தின் நடுவில், தரையிலிருந்து ஒரு மீட்டருக்குச் சற்று மேலே, நிழல் படாத இடத்தில் நிறுத்தி, கோளம் சூடேறி நிலைகொள்ள 15 நிமிடமாவது விட்டுப் படிக்க வேண்டும். பையிலிருந்து எடுத்த உடனே படித்த எண்ணும், அதிகாரிகளின் கூடாரத்துக்குள் படித்த எண்ணும் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைவாகவே வரும். இத்தகைய பதிவேட்டில் எண்கள் ஐயத்துக்கிடமாக ஒரே சீராக இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது கருவி எங்கே நின்றது என்பதைத்தான். தொடக்கத்துக்கு ஒரு மணி நேரம் முன்பும், தொடக்கத்திலும், பின் அரை மணிக்கு ஒருமுறையும் படித்து, ஏறுமுகமா இறங்குமுகமா என்று குறிக்க வேண்டும். எல்லைக்கு ஒரு டிகிரி கீழே நின்று ஏறிக்கொண்டிருக்கும் எண்ணும், எல்லைக்கு ஒரு டிகிரி கீழே நின்று இறங்கிக்கொண்டிருக்கும் எண்ணும் ஒரே முடிவுக்கு உரியவையல்ல.

எண் எல்லைக்குள் இருக்கும்போதும் ஒருவர் விழக்கூடும். குளிர்ந்த ஊரிலிருந்து மூன்று நாட்களுக்கு முன் வந்தவருக்கு, வெப்பத்துக்குப் பழக உடலுக்குத் தேவையான ஒன்று முதல் இரண்டு வாரங்கள் கிடைத்திருக்காது. முந்தைய நாள் காய்ச்சலில் இருந்தவருக்கும் அட்டவணை பொருந்தாது. ஆடுபவர் தடுமாறி நடப்பது, கேட்ட கேள்விக்குத் தொடர்பில்லாமல் பதில் சொல்வது, ஆட்ட எண்ணிக்கையை மறந்து நிற்பது ஆகியவை களைப்பின் அடையாளங்கள் அல்ல, மூளை சூடாவதன் அடையாளங்கள். அப்போது கருவி என்ன காட்டினாலும் அவரைக் களத்திலிருந்து இறக்கி, குளிர்நீர்த் தொட்டியில் கழுத்துவரை அமர்த்திய பிறகே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். தொடக்க நேரம் எவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தாலும், அந்தத் தொட்டி நிரப்பப்பட்டுக் களத்தின் ஓரத்தில் இருந்ததா என்பதை முதல் ஆட்டத்துக்கு முன் நடுவர் கண்ணால் பார்த்துக் கையெழுத்திடும் வரியை ஆட்டப் பதிவேட்டிலேயே சேர்த்துவிடலாம்.